குரூப்பில் திட்டியதை மெயிலாக மாற்றியபோது

கோவை கணபதியில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் கொள்முதலும் ஆபீஸ் நிர்வாகமும் என் பொறுப்பு. இந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் விற்க வருகிறவர்கள் தேடி வருவார்கள். கட்டிங் டூல்காரர், கூலன்ட் எண்ணெய்க்காரர், யுபிஎஸ் பேட்டரிக்காரர், சிசிடிவிக்காரர். பெரும்பாலானவர்கள் ஒரு தடவை வேண்டாம் என்றால் விசிட்டிங் கார்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்படிப் போகாத ஒருவரைப் பற்றித்தான் இது. கணக்கு, ஸ்டாக், கொள்முதல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க உதவும் ஈஆர்பி மென்பொருள் விற்க வந்த ஓர் இளைஞர். கெட்டவர் இல்லை. மரியாதையான பேச்சு, சுத்தமான சட்டை, சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார். ஆனால் விடமாட்டார்.

ஆரம்பித்தது கொடிசியாவில் நடந்த ஒரு கண்காட்சியில். எங்கள் சின்ன முதலாளி அவர்களுடைய ஸ்டாலில் நின்று காப்பி குடித்துவிட்டு கார்டு கொடுத்துவிட்டு வந்தார். அதன்பிறகு ஒரு டெமோ நடந்தது. டெமோ முடிந்ததும் போன், வாட்ஸ்அப், மெயில் என்று மூன்று பக்கமும் வந்துகொண்டே இருந்தார். என்னைக் கூப்பிட்டு நான் எடுக்காவிட்டால் கணக்கு பார்க்கும் அக்காவைக் கூப்பிடுவார். அக்கா எடுக்காவிட்டால் ஸ்டோர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சின்ன முதலாளிக்கே போய்விட்டது.

எங்கள் ஆபீசுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அவர் பெயர் அதில் வந்தாலே எல்லோரும் சூடாகிவிடுவார்கள். கடைசியில் சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நீயே ஒரு மெயில் போட்டு முடிச்சு வுடு. ஆனா சண்டை வேண்டாம். அடுத்த வருசமும் கொடிசியால மூஞ்சில முழிக்கோணும்" என்றார்.

மெயில் எழுத உட்கார்ந்தபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. குரூப்பில் எல்லோரும் என்னதான் சொல்லியிருக்கிறார்கள் என்று மேலே தள்ளிப் படித்தேன். அந்தப் பதிவுகளை அப்படியே கீழே தருகிறேன். ஆட்களின் பெயரையும் அச்சில் ஏறாத ஒரு வார்த்தையையும் மட்டும் எடுத்துவிட்டேன்.

கணக்கு அக்கா: "மறுபடியும் அந்த ஆளுங்க. மார்ச் கடைசில கூப்புட்டு டெமோ வைக்கறேங்கறாரு. வேற வேலையே இல்லியா இவருக்கு?"

ஸ்டோர் அண்ணன்: "போன டெமோல ஜாப் ஒர்க் சலான் போடத் தெரியாம முழிச்சாரு. நம்ம சரக்கு எந்தப் பட்டறைல கெடக்குதுன்னே அதுல தெரியாது. அத வாங்கி என்னத்தப் பண்றது?"

மறுபடி அக்கா: "எடிட் லாக் இல்லீன்னா ஆடிட்டர் ரிப்போர்ட்ல எழுதிப்போடுவாருன்னு பயமுறுத்தறாரு. நாம பார்ட்னர்ஷிப்புங்க. அது நமக்குக் கெடையவே கெடையாது. இதுகூடத் தெரியாம விக்க வந்துட்டாரு."

ஸ்டோர் அண்ணன்: "மொதல்ல நாலு லட்சம்னாரு. இப்ப ரெண்டே முக்காலாம். அப்ப மொதல்ல சொன்னது என்ன கணக்கு?"

சின்ன முதலாளி: "என் நம்பர யாரு குடுத்தது? ஞாயித்துக்கெழம காலைல. அடுத்த தடவ கூப்புடட்டும், நல்லா குடுக்கறேன்."

படித்தபோது ஒன்று புரிந்தது. இதில் எதுவும் வெறும் வசவு இல்லை. ஒவ்வொரு வரியிலும் ஓர் உண்மையான விஷயம் இருக்கிறது. அக்காவின் முதல் வரியில் காலம், அண்ணனின் முதல் வரியில் தேவை, அடுத்த வரியில் விலை, முதலாளியின் வரியில் யார் மூலமாகப் பேச வேண்டும் என்பது. கோபத்தை வடிகட்டிவிட்டால் கையில் மிஞ்சுவதை வைத்தே மெயில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். முதல் வரைவை அப்படித்தான் எழுதினேன்:

"வணக்கம். தற்போது நிதியாண்டு இறுதி என்பதால் எங்களால் நேரம் ஒதுக்க இயலவில்லை. மேலும் உங்கள் மென்பொருளில் ஜாப் ஒர்க் சலான் வசதி எங்கள் தேவைக்குப் போதுமானதாக இல்லை. விலையும் எங்கள் பட்ஜெட்டை விட அதிகமாக உள்ளது. இறுதி முடிவு எங்கள் பங்குதாரர்களைச் சார்ந்தது. புரிந்துகொள்வீர்கள் என நம்புகிறோம்."

படிக்க மரியாதையாகத்தான் இருந்தது. அனுப்பும் முன்பு என் மச்சானுக்குக் காட்டினேன். மனைவியின் தம்பி, சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இருக்கிறார். எதிர்த்தரப்பு ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசித்துவிட்டுச் சிரித்தார். "மாமா, இது வேண்டாம்னு சொல்ற மெயில் இல்ல. எனக்கு இப்படி ஒண்ணு வந்தா நான் ட்ரீட் குடுப்பேன்."

ஏன் என்று அவர் விளக்கியதுதான் இதில் முக்கியமான பகுதி. விற்பனையில் சேர்ந்தவுடன் சொல்லிக்கொடுக்கும் பாடங்களில் ஒன்று, வாடிக்கையாளரிடம் நான்கு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது: பணம் இருக்கிறதா, முடிவெடுப்பவர் யார், தேவை இருக்கிறதா, எப்போது வாங்குவார். இந்த நான்கில் எதைக் காரணமாகச் சொன்னாலும் அதற்குப் பதில் தயாராக இருக்கும். விலை அதிகம் என்றால் தள்ளுபடி. நேரம் இல்லை என்றால் ஏப்ரலில் கூப்பிடுவார். வசதி போதவில்லை என்றால் அடுத்த வெர்ஷனில் வருகிறது, இன்னொரு டெமோ வைக்கலாம் என்பார். முடிவு பங்குதாரர்களைப் பொறுத்தது என்றால் பங்குதாரரைத் தேடிப் போவார். என் வரைவில் நான்கையும் வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தேன். கேட்காமலேயே.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் என் எரிச்சலைப் பாதியாகக் குறைத்தது. அந்தத் தம்பி எங்களை விடாமல் துரத்துவது அவருடைய குணம் அல்ல. அவர்களுடைய வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருளில் எங்கள் நிறுவனத்தின் பெயர் திறந்த நிலையில் இருக்கிறது. அதை மூட வேண்டுமானால் "இழந்தது" என்று போட்டு, ஏன் என்று காரணமும் எழுத வேண்டும். நாங்கள் இதுவரை சொன்னதெல்லாம் என்ன? பார்க்கலாம், சொல்றோம், முதலாளி ஊர்ல இல்ல, மாசம் முடியட்டும். நம்ம ஊரில் ஒருவர் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லக் கூச்சப்படுவோம். அந்தக் கூச்சம் முழுவதும் அவர் திரையில் "அடுத்து கூப்பிட வேண்டிய தேதி" என்று பதிவாகியிருக்கும். தேதி வந்ததும் மென்பொருள் நினைவூட்டும். அவர் கூப்பிடுவார். கூப்பிடாவிட்டால் அவருடைய மேனேஜர் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பார். மாதக் கடைசியிலும் காலாண்டுக் கடைசியிலும் அழைப்பு கூடுவதும் இதனால்தான். டார்கெட் அப்போதுதான் முடிகிறது. அக்கா திட்டிய அந்த மார்ச் கடைசி, எங்களுக்குக் கணக்கு முடிக்கும் நேரம் என்றால் அவருக்கும் அதே நேரம்தான்.

அப்புறம் மெயில் விஷயம். அவர் அனுப்பும் மெயில்களை நான் குரூப்பில் உள்ளவர்களுக்கு "பாருங்க, மறுபடியும்" என்று ஃபார்வர்டு செய்வேன். அதைக் கேட்டதும் மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். விற்பனைக்காரர்கள் அனுப்பும் மெயில்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் படம் ஒளிந்திருப்பது சகஜம். மெயிலைத் திறந்தால் அந்தப் படம் அவர்களுடைய சர்வரிலிருந்து இறங்கும்; திறந்தார்கள் என்று அங்கே பதிவாகும். ஒரே மெயிலை மூன்று நான்கு பேர் திறந்தால், அவர் திரையில் அது எங்கள் ஆபீசே கூடி உட்கார்ந்து அவருடைய விலைப்புள்ளியைப் பரிசீலிப்பதுபோலத் தெரியும். நாங்கள் கூடித் திட்டிக்கொண்டிருந்தோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மெயில் பார்த்த கொஞ்ச நேரத்திலேயே அவர் போன் வருவது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

இதற்கு வழி எளிது. ஜிமெயிலில் செட்டிங்ஸில் Images என்ற இடத்தில் `Ask before displaying external images` என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் நாம் அனுமதித்தால் ஒழிய படங்கள் இறங்காது. மெயிலை ஃபார்வர்டு செய்வதற்குப் பதிலாக, வேண்டிய இரண்டு வரியை மட்டும் நகலெடுத்து குரூப்பில் போடலாம். விலைப்புள்ளியை லிங்காக அனுப்பியிருந்தால் அதை யார் எத்தனை தடவை திறந்தார்கள் என்பதும் பல மென்பொருள்களில் தெரியும். அதனால் தேவையில்லாமல் அழுத்த வேண்டாம். இன்னொன்று: தொடர் மெயில்கள் பலவும் கையால் எழுதப்படுபவை அல்ல. பதில் வரும்வரை சில நாட்களுக்கு ஒன்றாகத் தானாகவே போகும்படி வைத்திருப்பார்கள். நாம் ஒரு வரி பதில் போட்டால் பொதுவாக அந்தத் தொடர் நின்றுவிடும். பதிலே சொல்லாமல் இருந்தால் புரிந்துகொள்வார் என்று நாம் இங்கே காத்திருப்போம். பதில் வராததாலேயே அங்கிருந்து அடுத்தது கிளம்பும்.

சரி, மெயிலுக்கு வருகிறேன். மச்சானிடம் பேசிய பிறகு குரூப் பதிவுகளை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இந்த முறை "இதில் உண்மை என்ன" என்று கேட்கவில்லை. "இதை எழுதினால் அவர் என்ன பதில் சொல்வார்" என்று கேட்டுப் பார்த்தேன்.

மார்ச் கடைசி என்று எழுதினால் ஏப்ரல் முதல் வாரம் வருவார். ஏப்ரலில் நாங்கள் அவரைப் பார்க்கத் தயாரா? இல்லை. அப்படியானால் மாதத்தின் பெயரே மெயிலில் வரக்கூடாது.

விலை. இதில் ஸ்டோர் அண்ணனின் கோபம் நியாயமானது. நாலு லட்சம் திடீரென்று ரெண்டே முக்கால் ஆனால் யாருக்கும் சந்தேகம் வரும். ஆனால் விலையைப் பற்றி ஒரு சொல் எழுதினாலும் அது பேரமாகிவிடும். ஒன்றரை லட்சத்துக்குக் கொடுத்தால் வாங்குவோமா என்று அண்ணனிடமே கேட்டேன். "சும்மா குடுத்தாலும் வேண்டாங்க, மறுபடி எல்லாத்தையும் ஏத்தறது யாரு?" என்றார். அப்போது உண்மையான காரணம் விலை இல்லை. விலையை எழுதுவது பொய்யும்கூட.

எடிட் லாக் விஷயத்தில் அக்கா சொன்னது சரி. கணக்கு மென்பொருளில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு இருந்தே ஆக வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆடிட்டரும் அதைப் பற்றித் தன் அறிக்கையில் குறிப்பிட வேண்டும். ஆனால் அது கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வரும் விதி. பிரைவேட் லிமிடெட் நிறுவனங்களுக்குப் பொருந்தும். எங்களைப்போன்ற பார்ட்னர்ஷிப்புக்குப் பொருந்தாது. இதை மெயிலில் எழுதி அந்தத் தம்பியைத் திருத்த வேண்டும் என்பது அக்காவின் ஆசை. நான் மறுத்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லும் கடிதத்தில் எதிராளியின் தவறைச் சுட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, அவமானப்படுவார். அல்லது, "எங்கள் டெக்னிகல் டீமிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று இன்னொரு சுற்று ஆரம்பிப்பார். இரண்டும் நமக்கு வேண்டாதவை.

அதிக நேரம் யோசித்தது ஜாப் ஒர்க் விஷயத்தில்தான். அது எங்கள் தொழிலின் உயிர்நாடி. வார்ப்பு ஒரு பட்டறையிலிருந்து வருகிறது, கடைசலுக்கு இன்னொரு பட்டறைக்குப் போகிறது, பிளேட்டிங்குக்கு வேறொரு இடம். விற்காமல் வேலைக்கு மட்டும் அனுப்பும் சரக்கு என்பதால் சலான் போட்டு அனுப்புவோம். ஜிஎஸ்டி சட்டப்படி அந்த மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்கப்பட வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாக எடுத்துக்கொண்டு வரி கேட்பார்கள். அதனால் எந்தச் சலானில் எத்தனை பீஸ் போனது, எத்தனை வந்தது, கழிவு எவ்வளவு என்று சலான்வாரியாகத் தெரிய வேண்டும். இப்போதிருக்கும் மென்பொருளில் அதற்கென்றே ஓர் ஆளை வைத்து ஏற்பாடு செய்து பழகிவிட்டோம். புதியதில் அது டெமோவிலேயே சிக்கியது. இதுதான் உண்மையான காரணம். ஆனால் "உங்கள் மென்பொருளில் இது இல்லை" என்று எழுதினால் அவர் அதைச் செய்துகொண்டு வருவார். செய்துகொண்டு வந்தால் வாங்குவோமா? மாட்டோம். ஏனென்றால் எங்களுக்கு இப்போதைய ஏற்பாட்டை மாற்றும் எண்ணமே இல்லை.

அங்கேதான் வழி கிடைத்தது. அவருடைய பொருளில் என்ன குறை என்று எழுதினால் அதற்கு அவரிடம் பதில் இருக்கும். நாங்கள் என்ன முடிவு எடுத்திருக்கிறோம் என்று எழுதினால் அதற்கு அவர் பதில் சொல்ல எதுவும் இல்லை. முதலாளிகளிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இந்த மென்பொருளை மாற்றும் யோசனை ஏதாவது இருக்கிறதா? இல்லை என்றார்கள். அப்படியென்றால் அதையே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்தக் கேள்வியை மெயிலுக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. உள்ளே முடிவு தெளிவாக இல்லாவிட்டால் வெளியே எழுதும் மெயிலும் வழவழவென்றுதான் வரும். விற்பனைக்காரர்கள் அதை முதல் வரியிலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

கடைசியாகச் சின்ன முதலாளியின் ஞாயிற்றுக்கிழமைக் கோபம். இது ஒன்றை மட்டும் மெயிலில் எழுதியே ஆக வேண்டும், ஆனால் குற்றச்சாட்டாக அல்ல. "ஞாயிற்றுக்கிழமை எங்கள் முதலாளியைத் தொந்தரவு செய்தீர்கள்" என்பதற்குப் பதிலாக, இனி எதுவானாலும் யாருக்கு எழுத வேண்டும் என்று சொன்னால் போதும்.

நாங்கள் வெளியே அனுப்பும் மெயில்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். இந்தத் தம்பி ஆரம்பத்திலிருந்தே தமிழில் எழுதி வந்ததால் நானும் தமிழிலேயே எழுதினேன். போன மெயில் இது:

"வணக்கம்.

எங்கள் ஆபீசுக்கு நேரில் வந்து உங்கள் மென்பொருளை விளக்கிக் காட்டியதற்கு நன்றி.

நாங்கள் இப்போது பயன்படுத்தும் மென்பொருளிலேயே தொடர்வது என்று எங்கள் பங்குதாரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அதனால் உங்கள் விலைப்புள்ளியை நாங்கள் மேற்கொண்டு பரிசீலிக்கவில்லை. உங்கள் பதிவில் எங்கள் பெயரை முடித்துவைத்துவிடலாம்.

பிற்காலத்தில் இப்படி ஒரு தேவை வந்தால் நாங்களே உங்களைத் தொடர்புகொள்கிறோம். அதுவரை போன் அழைப்புகளும் வாட்ஸ்அப் செய்திகளும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏதாவது அவசியம் தெரிவிக்க வேண்டியிருந்தால் இந்த மெயில் முகவரிக்கு எனக்கு மட்டும் எழுதுங்கள்.

உங்கள் பணி சிறக்க வாழ்த்துகள்."

சில சொற்களை வேண்டுமென்றே விட்டேன். "மன்னிக்கவும்" இல்லை. நாங்கள் அவருக்கு எதுவும் கடன்படவில்லை. மன்னிப்புக் கேட்டால் நம்மை ஏதோ ஒரு விதத்தில் ஈடுகட்ட வைக்கலாம் என்று தோன்றும். "தற்போதைக்கு", "இந்த நேரத்தில்" இரண்டும் இல்லை. "தொடர்பில் இருப்போம்" இல்லை. "முடிவு செய்துவிட்டார்கள்" என்று முடிந்துபோன விஷயமாக எழுதினேன். "நினைக்கிறார்கள்" என்றால் நினைப்பை மாற்றப் பார்ப்பார். உங்கள் பதிவில் முடித்துவைக்கலாம் என்ற வரி மச்சான் சொன்னது. அந்த ஒரு வரிதான் அந்தத் தம்பிக்கு உண்மையிலேயே உதவும் என்றார். மேனேஜர் கேட்டால் காட்ட அவரிடம் எழுத்தில் ஓர் ஆதாரம் இருக்கும்.

மெயிலைப் புதிதாகத் தொடங்கி எழுதினேன், பழைய தொடரில் பதிலாக அல்ல. பழைய தொடரில் எங்களுக்குள் ஃபார்வர்டு செய்தபோது எழுதிய குறிப்புகள் கீழே ஒட்டிக்கொண்டிருந்தன. "இந்த ஆளை யாராவது நிறுத்துங்கப்பா" என்ற என்னுடைய வரியும் அதில் ஒன்று. மேலே பூப்போல ஒரு மெயில் எழுதி, கீழே அது போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அக்கா, ஸ்டோர் அண்ணன், சின்ன முதலாளி மூவரையும் சிசியில் போட்டேன். அவர் இதுவரை கூப்பிட்ட எல்லோருக்கும் முடிவு தெரியும் என்று அவருக்குத் தெரிந்தால், ஒருவரை விட்டு இன்னொருவரிடம் போகும் வழி அடைபடும். ஆனால் அனுப்பும் முன் குரூப்பில் சொல்லிவைத்தேன்: யாரும் இந்த மெயிலுக்கு ரிப்ளை ஆல் போடாதீர்கள், கை தட்டுவதானால் குரூப்பிலேயே தட்டுங்கள்.

மெயில் போனவுடன் எல்லாம் ஓய்ந்துவிட்டது என்று சொன்னால் நம்பாதீர்கள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. எடுத்தேன். இந்தப் போனை எடுக்காமல் விடக்கூடாது என்பது என் கருத்து; மெயிலில் சொன்னதை வாயாலும் ஒரு தடவை சொல்லிவிட்டால் சந்தேகம் தீரும். பேச்சு ஏறத்தாழ இப்படிப் போனது.

"சார், மெயில் பாத்தேங்க. என்ன காரணம்னு மட்டும் சொன்னீங்கன்னா..."

"தம்பி, காரணம் மெயில்ல இருக்கறதுதாங்க. மாத்தறதில்லைன்னு முடிவு பண்ணீட்டாங்க."

"விலை விஷயமா இருந்தா நான் மேனேஜர்கிட்ட..."

"விலை இல்லீங்க."

"அப்ப ஒரு பத்து நிமிஷம், முதலாளிகிட்ட மட்டும்..."

"வேண்டாமுங்க தம்பி. அவங்கதான் முடிவு பண்ணுனது."

கொஞ்சம் மௌனம். நான் அதை நிரப்பவில்லை. போனில் இந்த மௌனம் வரும்போது நமக்குக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தில்தான் "சரி, அடுத்த மாசம் ஒரு போன் பண்ணிப் பாருங்க" என்று வாயில் வந்துவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் புதுக் காரணம் தேடாமல் அதே வரியைத் திரும்பச் சொல்வது முரட்டுத்தனமாகத் தோன்றலாம். குரலில் சலிப்பு இல்லாமல் சொன்னால் அப்படித் தோன்றாது. "-ங்க" போட்டுப் பேசும் ஊரில் அது இன்னும் சுலபம்.

கடைசியில் அவர் கேட்டது வேறு மாதிரி இருந்தது. "சரிங்க சார், நீங்க வாங்கலீன்னாலும் பரவால்ல. டெமோல ஏதாவது சரியில்லாம இருந்துச்சுங்களா? அடுத்த எடத்துக்கு எனக்கு உபயோகமா இருக்கும்." இது வழக்கமான தூண்டிலா, உண்மையான கேள்வியா என்று யோசித்தேன். உண்மை என்றே பட்டது. கதவை மூடிவிட்ட பிறகு அதைச் சொல்வதில் ஆபத்தும் இல்லை. ஜாப் ஒர்க் சலானைப் பற்றி ஸ்டோர் அண்ணன் கேட்டதை விளக்கினேன்; கோவையில் பம்பு, மோட்டார் தொழில் செய்யும் எந்த இடத்துக்குப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள், அதைக் காட்டப் பழகிக்கொண்டு போங்கள் என்றேன். எடிட் லாக் பற்றியும் போகிறபோக்கில் சொன்னேன்: பேச ஆரம்பிக்கும் முன்பு பிரைவேட் லிமிடெட்டா பார்ட்னர்ஷிப்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எழுதியிருந்தால் குத்தலாக இருந்திருக்கும். பேச்சில் சொன்னபோது நன்றி சொன்னார். இந்தப் பேச்சு எல்லோரிடமும் தேவையில்லை. நேரம் இருந்தால், ஆள் நல்லவராகத் தெரிந்தால் மட்டும்.

அதன்பிறகு கொஞ்சநாள் அமைதி. அப்புறம் அதே நிறுவனத்திலிருந்து வேறொருவர் மெயில் அனுப்பினார், "உங்கள் தொழிலுக்கேற்ற தீர்வு" என்று. பழைய தம்பிக்கு வேறு பகுதி மாற்றிவிட்டார்களாம். குரூப்பில் மறுபடி தீ. ஆள் மாறினால் பதிவும் கை மாறும். புதியவர் பழைய பெயர்களையெல்லாம் ஒரு சுற்று தட்டிப் பார்ப்பார். இதில் எரிச்சல்பட ஒன்றுமில்லை. இரண்டாவது மெயில் முதலாவதை விடச் சின்னதாக இருக்க வேண்டும் என்பது என் பழக்கம். நீளமாக எழுதினால் புதிதாக வாதம் தொடங்கியதாகிவிடும்.

"வணக்கம். உங்கள் நிறுவனத்துக்கு ஏற்கெனவே தெரிவித்த முடிவை இத்துடன் இணைத்துள்ளேன். அதில் மாற்றம் இல்லை. எங்கள் பெயரை உங்கள் அழைப்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி."

பழைய மெயிலைக் கீழே சேர்த்து அனுப்பினேன். இங்கே இணைப்பது தவறில்லை, அது நாம் எழுதிய சுத்தமான மெயில்தானே. முதல் மெயிலை நிதானமாக எழுதியதன் பலன் இப்போது கிடைத்தது. கோபத்தில் எழுதியிருந்தால் அதை இன்னொருவருக்குக் காட்ட முடியாது.

இதற்கும் மேல் வந்தால்? ஈஆர்பி நிறுவனத்திடமிருந்து வரவில்லை. ஆனால் ஒரு கடன் கொடுக்கும் ஏஜென்ட் விஷயத்தில் வந்தது. அவரிடம் எழுத்தும் பலிக்கவில்லை, பேச்சும் பலிக்கவில்லை; ஒவ்வொரு முறையும் புது நம்பர். அங்கே இந்த மெயில் வித்தையெல்லாம் உதவாது. மறுமொழி எழுதுவதே வீண். இந்தியாவில் வணிக அழைப்புகள் வேண்டாம் என்று பதிவு செய்ய `START 0` என்று 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். பதிவு செய்த டெலிமார்க்கெட்டிங் நிறுவனங்களின் அழைப்பு 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்து வர வேண்டும். சாதாரண பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து விளம்பர அழைப்பு வந்தால் 1909-லேயே புகார் செய்யலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி செயலியிலும் செய்யலாம். புகாருக்கு அழைப்பு வந்த எண், தேதி, என்ன சொன்னார்கள் என்ற சுருக்கம் மூன்றும் வேண்டும். நாள் கடத்தாமல் உடனே செய்துவிட வேண்டும். வாட்ஸ்அப் செய்திக்கு அங்கேயே பிளாக்கும் ரிப்போர்ட்டும் இருக்கின்றன. ஆனால் நேரில் வந்து, டெமோ காட்டி, பெயர் சொல்லிப் பழகிய ஒருவர் மேல் முதல் அடியாக இதைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சின்ன முதலாளி "பிளாக் பண்ணிப்போடு" என்று சொன்னபோது நான் தயங்கியதும் அதனால்தான். எழுத்தில் ஒரு முறை தெளிவாகச் சொல்லாமல் பிளாக் செய்தால் அவர் வேறு நம்பரிலிருந்து வருவார்; அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இப்போது ஆபீசில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். விற்பனைக்காரர் யார் கூப்பிட்டாலும் அக்காவும் ஸ்டோர் அண்ணனும் "கொள்முதல்ல பேசிக்குங்க" என்று என் மெயில் முகவரியை மட்டும் கொடுப்பார்கள். கருத்து எதுவும் சொல்லமாட்டார்கள். குரூப்பில் திட்டுவதற்குத் தடை இல்லை. திட்டட்டும். எனக்கு அது வேண்டும். வேண்டாம் என்று எழுதும் நாளில் உண்மையான காரணம் என்னவென்று அதிலிருந்துதான் எடுக்கிறேன். போன வாரம் யுபிஎஸ் பேட்டரிக்காரரைப் பற்றி ஸ்டோர் அண்ணன் ஒரு நீளமான வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். அதில் பாதி அவர் மீசையைப் பற்றி. மீதியில், பழைய பேட்டரிக்கு இன்னும் வாரண்டி இருக்கிறது என்ற ஒரு தகவல் இருந்தது. பேட்டரிக்காரருக்கு மூன்று வரியில் பதில் எழுதிவிட்டேன். இந்த முறை மட்டும் "வாரண்டி முடியும்போது நாங்களே கூப்பிடுகிறோம்" என்று காலத்தையும் சேர்த்தேன். ஏனென்றால் அப்போது உண்மையாகவே அவரைக் கூப்பிடத்தான் போகிறோம்.